ரெக்ரூட்டர்கிட்ட "எங்க ஆபீசுக்குத் தெரிய வேணாம்"னு எப்படிச் சொல்றது

கேள்வி: ஒரு கன்சல்டன்சியிலேருந்து கூப்பிட்டு ரெஸ்யூம் கேக்கறாங்க. இப்ப இருக்கற கம்பெனிக்குத் தெரியாம பாத்துக்கோங்கன்னு சொல்லலாமா, தப்பா எடுத்துப்பாங்களா?

பதில்:

தாராளமா சொல்லலாம், யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க, அவங்களுக்கு இது தினமும் கேக்கற விஷயம். ஆனா வெறுமனே "கான்ஃபிடென்ஷியலா வச்சுக்கோங்க"ன்னு ஃபோன்ல சொல்லிட்டா போதும்னு மட்டும் நினைச்சுடாதீங்க, நான் அப்படி நினைச்சுத்தான் மாட்டினேன்.

அப்ப நான் ஓஎம்ஆர்ல ஒரு சர்வீஸ் கம்பெனியில பேமெண்ட்ஸ் டெஸ்டிங் டீம்ல இருந்தேன். ஒரு கன்சல்டன்சி பொண்ணு கூப்பிட்டாங்க, கிளையன்ட் யாருன்னு கேட்டா "பெரிய எம்என்சி சார்"னு மட்டும்தான் சொன்னாங்க, நானும் எங்க ஆபீசுக்குத் தெரிய வேணாம்மான்னு சொல்லிட்டு ரெஸ்யூமை அனுப்பிட்டேன். அந்தப் பொண்ணு எங்க ஆபீஸ்ல யார்கிட்டயும் பேசல, அது நிஜம். ஆனா ரெஸ்யூம் அங்கேருந்து கிளையன்ட் ஹெச்ஆருக்குப் போச்சு, ஹெச்ஆர் இன்டர்வியூ பேனலுக்கு அனுப்பினாங்க, பேனல்ல இருந்த ஒருத்தர் எங்க மேனேஜரோட பழைய டீம்மேட். "உன் பையன் ஒருத்தன் ரெஸ்யூம் வந்திருக்கு, ஆள் எப்படி"ன்னு நல்லெண்ணத்துலதான் கேட்டிருக்கார். மூணாவது நாள் மேனேஜர் என்னைத் தனியா கூப்பிட்டார். அந்த வேலையும் கிடைக்கல, அந்த வருஷம் அப்ரைசல்லயும் அடி விழுந்துச்சு.

அப்பதான் புரிஞ்சுது, நாம ரெக்ரூட்டர்கிட்ட வாய்ல சொன்னது ரெஸ்யூம் கூட சேர்ந்து போறதில்ல. கிளையன்ட் சைடுல யாருக்கும் அப்படி ஒரு பேச்சு நடந்ததே தெரியாது. அதனால மெயில்ல எழுதணும், கூடவே எதைச் செய்யக்கூடாதுன்னு குறிப்பா எழுதணும். அடுத்த தடவை நான் ரெஸ்யூம் அனுப்பின அதே மெயில்ல இப்படி எழுதினேன்:

"நான் வேலை தேடறது இப்போதைய நிறுவனத்துக்குத் தெரியாது. எந்த கிளையன்ட்டுக்கு அனுப்பறதா இருந்தாலும் முதல்ல என்கிட்ட பேரைச் சொல்லி ஓகே வாங்கிட்டு அனுப்புங்க. ஆஃபர் லெட்டர் வர்றதுக்கு முன்னாடி என் இப்போதைய நிறுவனத்துல யார்கிட்டயும் ரெஃபரன்ஸ் கேக்க வேண்டாம், இதை கிளையன்ட் ஹெச்ஆருக்கும் தெரியப்படுத்துங்க. பழைய நிறுவனத்துல ரெண்டு பேர் நம்பர் தரேன்."

கடைசி வரி முக்கியம். ரெஃபரன்ஸ் வேணாம்னு மட்டும் சொன்னா அவங்க வேலை நிக்கும், நம்ம மேல ஒரு சந்தேகமும் வரும். மாத்து ஆள் குடுத்துட்டா பிரச்சினையே இல்ல.

கிளையன்ட் பேரைச் சொல்ல நிறைய கன்சல்டன்சி தயங்குவாங்க, ஏன்னா நாம நேரா போய் அப்ளை பண்ணிட்டா அவங்க கமிஷன் போயிடும். அந்தப் பயம் நியாயமானதுதான், அதனால சண்டை போடாம கேள்வியைத் திருப்பிப் போடுங்க. நான் "பேரு சொல்ல வேணாம், நான் சொல்ற நாலு கம்பெனியில அது ஒண்ணான்னு மட்டும் சொல்லுங்க"ன்னு கேட்டேன். எங்க கம்பெனி, அதோட குரூப் கம்பெனி, நான் இப்ப வேலை பாக்கற ப்ராஜெக்ட்டோட கிளையன்ட், எங்க மேனேஜர் முன்னாடி இருந்த கம்பெனி. அதுல ஒண்ணு "ஆமா"ன்னு வந்துச்சு, விட்டுட்டேன். நம்ம ரெஸ்யூம் நம்ம கம்பெனிக்கே போய்ச் சேர்ற கதை எல்லாம் நடக்கறதுதான், ஒரே கன்சல்டன்சி ரெண்டு பக்கமும் ஆள் அனுப்பும். இதுக்குக்கூட பதில் சொல்ல மாட்டேன்னா அவங்களுக்கு ரெஸ்யூம் குடுக்காதீங்க, ஏன்னா அனுப்பினதைத் திரும்ப வாங்க முடியாது.

ரெஸ்யூம்ல கம்பெனி பேரை எடுத்துட்டு "ஒரு முன்னணி ஐடி நிறுவனம்"னு போடலாம், முதல் ரவுண்டுக்கு அது ஓகே. ஆனா ப்ராஜெக்ட் விவரத்தை அப்படியே விட்டா பிரயோஜனம் இல்ல, எங்க மாதிரி சின்ன வட்டத்துல ரெண்டு வரி படிச்சாலே எந்த டீம்னு சொல்லிடுவாங்க. லிங்க்ட்இன்ல "Open to Work" போடறதா இருந்தா ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரியற மாதிரி வைங்க, பச்சை வளையம் வராது. ஆனா அதையும் முழுசா நம்பாதீங்க, நம்ம கம்பெனி ஆளுங்க கண்ணுல படாம மறைக்க முயற்சி பண்றோம், நூறு சதவீதம் உத்தரவாதம் இல்லன்னு லிங்க்ட்இன்காரங்களே சொல்லியிருக்காங்க.

விஷயம் கசியற இன்னொரு இடம் பிஜிவி ஃபார்ம், அதாவது நம்ம பின்னணியைச் சரிபாக்கறதுக்கான ஃபார்ம். ஆஃபர் சமயத்துல வெரிஃபிகேஷன் ஏஜென்சி அனுப்பற ஃபார்ம்ல இப்போதைய எம்ப்ளாயரைத் தொடர்பு கொள்ளலாமான்னு பெரும்பாலும் ஒரு கட்டம் இருக்கும், அவசரத்துல "யெஸ்" டிக் பண்ணிடாதீங்க. "நோ" போட்டுட்டு ரிலீவிங் தேதிக்கு அப்புறம் பண்ணிக்கோங்கன்னு எழுதுங்க, பொதுவா ஒத்துப்பாங்க. கட்டம் இல்லன்னா ஹெச்ஆருக்குத் தனியா மெயில் போடுங்க. நான் அப்படித்தான் பண்ணேன், ரெண்டாவது தடவை எங்க மேனேஜருக்கு விஷயம் தெரிஞ்சது என் ரெசிக்னேஷன் மெயிலைப் பார்த்துத்தான்.