அதிகம் பழகாதவர் வேலையை விட்டுப் போகிறார், கார்டில் என்ன எழுதுவது?

"அக்கா, இங்கிலாந்தில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. இன்றைக்கு என் மேசையில் ஒரு ஃபோல்டரை வைத்துவிட்டுப் போனார்கள். உள்ளே ஒரு பெரிய கார்டு, காசு போட ஒரு கவர், எல்லார் பெயரும் உள்ள ஒரு தாள். பக்கத்து டீமில் ஒருவர் வெள்ளிக்கிழமையோடு போகிறாராம். பிரிண்டரில் பேப்பர் சிக்கியபோது ஒரு தடவை வந்து எடுத்துக் கொடுத்தார், அவ்வளவுதான் பழக்கம். என்ன எழுதுவது? பெயரை மட்டும் போட்டால் தப்பா? காசு கட்டாயமா?"

தம்பி, எழுதுவதற்கு முன்னால் ஃபோல்டரைக் கொண்டுவந்தவரிடம் போய், அவர் எங்கே போகிறார் என்று மெதுவாகக் கேட்டுவிடுங்கள். கார்டு சுற்றுகிற நாளில் எல்லாரும் கேட்கிற கேள்விதான், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். போகிறவர் காதில் மட்டும் விழக்கூடாது, ஏனென்றால் கார்டு அவருக்குத் தெரியாமல் சுற்ற வேண்டும் என்பதற்காகத்தான் அதை ஃபோல்டருக்குள் ஒளித்து அனுப்புகிறார்கள். வேறு வேலையா, ரிட்டயர்மென்ட்டா, பிரசவ விடுப்பா, ஆட்குறைப்பா என்பது தெரிந்துவிட்டால் பாதி வரி தானாக வந்துவிடும். தெரியாமல் எழுதினால்தான் சிக்கல்.

சரி, அவர் வேறு வேலைக்குப் போகிறார் என்றே வைத்துக்கொள்வோம். பெயரை மட்டும் போடுவது தப்பில்லை, நிறையப் பேர் அப்படித்தான் போடுகிறார்கள். ஆனால் உங்களிடம் எழுத ஒரு விஷயம் இருக்கிறதே! பிரிண்டர். அதை எழுதுங்கள்: "தேங்க்ஸ் ஃபார் ஹெல்பிங் மீ வித் த பிரிண்டர். ஆல் த பெஸ்ட் இன் த நியூ ஜாப்." இவ்வளவு போதும். முதல் பாதி உங்களுக்கும் அவருக்கும் நடுவில் உண்மையாக நடந்தது, இரண்டாம் பாதி வாழ்த்து. அந்தக் கார்டில் முக்கால்வாசிப் பேர் "ஆல் த பெஸ்ட்", "குட் லக்" என்றுதான் எழுதியிருப்பார்கள், அதற்கு நடுவில் பிரிண்டர் என்ற ஒரு சொல் வந்தால் அவருக்கு உங்கள் முகம் நினைவுக்கு வரும். இங்கே கார்டைக் கொடுத்தவுடன் எல்லார் முன்னாலும் ஒவ்வொரு வரியாக வாசிக்க மாட்டார்கள், மேலோட்டமாகப் பார்த்து நன்றி சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்த்தான் உட்கார்ந்து வாசிப்பார்கள்.

அப்படி ஒன்றுமே நடக்காத ஆளாக இருந்தால், மாடிப்படியில் தலையாட்டியதோடு சரி என்றால், இல்லாத பழக்கத்தை உண்டாக்க வேண்டாம். "உங்களை ரொம்பவே மிஸ் பண்ணுவேன்", "உங்களோடு வேலை செய்தது என் பாக்கியம்" என்பதெல்லாம் அவரோடு பல வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுத வேண்டியவை, நாம் எழுதினால் யார் இது என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கும். நம் ஊர் ஆபீஸ் மெயில்களில் வருகிற "பெஸ்ட் விஷஸ் ஃபார் ஆல் யுவர் ஃப்யூச்சர் எண்டெவர்ஸ்" இங்கே கார்டில் எழுதினால் ஹெச்.ஆர். கடிதம் மாதிரி விறைப்பாக இருக்கும். "பெஸ்ட் விஷஸ் ஃபார் த ஃப்யூச்சர்" என்பது எந்தக் காரணத்துக்காக வேலையை விட்டுப் போகிறவருக்கும் பொருந்தும், சுருக்கமும்கூட.

இப்போது ஆட்குறைப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக வந்தவர்களுக்கு இது சட்டென்று தெரியாது. ரிடண்டன்ஸி, அதாவது ஆட்குறைப்பில் போகிறவருக்கும் அதே மாதிரி கார்டு, அதே கேக், அதே கைதட்டல்தான். வெளியே பார்த்தால் வித்தியாசமே இருக்காது. ஆனால் அவர் அதற்கு முன்னால் ஆலோசனைக் கூட்டம், கடிதம், காத்திருப்பு என்று நிறைய அனுபவித்துவிட்டு வந்திருப்பார். ஒரு தடவை எங்கள் ஆபீஸில் அப்படிப் போன ஒருவரின் கார்டில் யாரோ "கங்கிராஜுலேஷன்ஸ்" என்று பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள், அதற்குக் கீழே கையெழுத்துப் போட வந்த ஒவ்வொருவரும் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆட்குறைப்பு என்று தெரிந்தால் கங்கிராஜுலேஷன்ஸ், புதிய அத்தியாயம், நல்லதற்குத்தான் என்கிற எதுவும் வேண்டாம். "விஷிங் யூ ஆல் த வெரி பெஸ்ட்" என்று எழுதி நிறுத்துங்கள். உதவி செய்தவர் என்றால் அந்த நன்றியும் சேரட்டும், அதில் தவறே வராது. உடல்நலக் குறைவால் வேலையை விடுகிறவருக்கும் இதே வரிதான், நோயைப் பற்றி ஒரு சொல்லும் கூடாது. பிரசவ விடுப்பு என்றால் அவர் திரும்பி வருவார் என்பதை நினைவில் வையுங்கள், பிரியாவிடை மாதிரி எழுதிவிடாதீர்கள்.

எங்கே எழுதுவது என்பதும் உண்டு. கார்டைத் திறந்தால் பெரும்பாலும் வலது பக்கத்தில் அச்சடித்த வாசகம் இருக்கும், இடது பக்கம் வெறுமையாக இருக்கும். அச்சடித்த வாசகத்தை ஒட்டிய இடத்தை அவரோடு நெருங்கிப் பழகியவர்களுக்கு விட்டுவிட்டு, ஓரமாக, சின்ன எழுத்தில் எழுதுங்கள். எழுதும் முன் கார்டு தலைகீழாக இல்லையே என்று பாருங்கள், அவசரத்தில் நடக்கிற விஷயம்தான். சாதாரண பால்பாயின்ட் பேனா போதும். ஜெல் பேனா வழவழப்பான கார்டில் காயாமல் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும், மார்க்கர் என்றால் பின்பக்கம் ஊறிவிடும்.

உங்கள் பெயரை ஆபீஸில் கூப்பிடுகிற மாதிரியே எழுதுங்கள், இனிஷியல் வேண்டாம், பக்கத்தில் டீம் பெயரையும் போடுங்கள். முழுப் பெயரை இனிஷியலோடு எழுதினால், உங்களைச் சுருக்கமாகக் கூப்பிட்டுப் பழகியவர்கள் வேறு யாரோ என்று நினைத்துக்கொள்வார்கள். சிலர் பெயருக்குப் பக்கத்தில் 'எக்ஸ்' மாதிரி ஒன்றிரண்டு குறி போட்டிருப்பார்கள், அது முத்தம். அதிகம் பழகாதவருக்கு நீங்கள் போட வேண்டியதில்லை.

காசு கட்டாயமில்லை. தாளில் பெயருக்கு எதிரே போடுகிற டிக், கார்டு உங்களிடம் வந்து போய்விட்டது என்பதற்காகத்தான், காசுக்கணக்கு இல்லை. கவரில் யார் எவ்வளவு போட்டார்கள் என்று எழுதி வைக்கும் வழக்கமும் நான் பார்த்ததில்லை. பழகாத ஒருவருக்கு ஒன்றிரண்டு பவுண்டு சில்லறை போட்டால் தாராளம், கையில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள், கார்டில் எழுதியதே போதும். பல ஆபீஸ்களில் இப்போது Thankbox, Kudoboard மாதிரி இணையக் கார்டாகவே லிங்க் வருகிறது. அங்கே ஒவ்வொருவருக்கும் தனிக் கட்டம் என்பதால் இடநெருக்கடி கிடையாது, ஆனால் கட்டம் காலியாக இருக்கிறதே என்று நீட்டி எழுத வேண்டாம், அதே இரண்டு வரிதான்.

அப்புறம், ஃபோல்டரை நாளைக்கு எழுதலாம் என்று டிராயரில் வைத்துவிடாதீர்கள். இன்றைக்கே எழுதி, தாளில் டிக் போட்டு, டிக் இல்லாத அடுத்த ஆளின் கையிலேயே கொடுங்கள். அவர் மேசையில் இல்லையென்றால் வேறொருவரிடம் கொடுக்கலாம், காலி மேசையில் வைத்துவிட்டு வந்தால் வெள்ளிக்கிழமை மதியம் ஆபீஸே அந்தக் கார்டைத் தேடிக்கொண்டிருக்கும்.