அல்பிரசோலத்தை ஒரே நாளில் நிறுத்தலாமா?

"பதற்றத்துக்காக மூன்று வருடமாக அல்பிரசோலம் 0.5 மி.கி. காலையும் இரவும் போடுகிறேன். நாளையிலிருந்து நிறுத்திவிடலாமா?"

வேண்டாம். மூளையின் படபடப்பை அடக்கும் பிரேக் 'காபா' என்ற வேதிப்பொருள். இந்த மாத்திரை அதைக் கூடுதலாக அழுத்துகிறது. நாளடைவில் மூளை தன் சொந்த பிரேக்கைத் தளர்த்திவிடுகிறது. மாத்திரை திடீரென நின்றால் பிடிக்க ஆளில்லை. ஓரிரு நாளில் நடுக்கம், வியர்வை, முன்பைவிட மோசமான பதற்றம், சிலருக்கு வலிப்பு. வலிப்போ பிதற்றலோ வந்தால் உடனே மருத்துவமனைதான்.

உங்கள் அளவில் 0.25 குறைத்தாலே கால் பங்கு போய்விடும், அது அதிகம். அதனால் மருத்துவர் உடலைவிட்டு மெல்ல வெளியேறும், இதே வகை மாத்திரையான டயஸிபாமுக்கு மாற்றக்கூடும். 1 மி.கி. அல்பிரசோலம் சுமார் 20 மி.கி. டயஸிபாமுக்குச் சமம், மாற்றும் அளவை அவரே முடிவு செய்யட்டும். அதில் 2 மி.கி. குறைத்தால் பத்தில் ஒரு பங்கு. இரண்டு முதல் நான்கு வாரம் பார்த்து, அப்புறம் அடுத்த படி. பதற்றம் கூடினால் அதே அளவில் நிற்கலாம். கடைசியில் இன்னும் சின்னச் சின்னதாகத்தான் குறைக்க வேண்டும்.