மீட்டிங்குக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஸ்கேலிங்கைச் சரிசெய்வது

கேள்வி: புரொஜெக்டரில் போட்டதும் ஐகான், எழுத்து எல்லாம் பெரிசு பெரிசாகத் தெரிகிறது, பாதி டேபிள் திரைக்கு வெளியே போய்விட்டது. கிளையண்ட் வருவதற்குள் டிஸ்ப்ளே ஸ்கேலிங்கை எப்படிப் பழையபடி ஆக்குவது?

போன மாதம் எங்கள் டீமில் ஒருவர் இதே நிலையில் கான்ஃபரன்ஸ் ரூமிலிருந்து கேட்டார். அவருக்கு சாட்டில் அனுப்பிய குறிப்பைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். விண்டோஸ் 11-க்கு எழுதியது.

செட்டிங்ஸைத் திறக்கும் முன் டாஸ்க்பாரைப் பாருங்கள். அது வழக்கமான அளவில் இருந்து, பிரவுசருக்குள் மட்டும் எழுத்து பெரிதாக இருந்தால் இது ஸ்கேலிங்கே இல்லை, ஜூம். Ctrl+0 அழுத்தினால் முடிந்தது. டாஸ்க்பாரும் சேர்ந்து பெருத்திருந்தால்தான் மேற்கொண்டு படியுங்கள்.

அடுத்து Win+P. அதில் தேர்வாகியிருப்பது Duplicate-ஆ, Extend-ஆ என்று பாருங்கள். பெரும்பாலும் கோளாறு இங்கேதான். Duplicate-இல் இரண்டு திரைக்கும் ஒரே அளவுதான், லேப்டாப்புக்கு வைத்த 150% அப்படியே சுவருக்கும் போய்விடும். நம் நண்பருக்கு நடந்ததும் அதுதான். புரொஜெக்டர் 1920×1080. ஆனால் 150% வைத்தால் புரோகிராம்களுக்குக் கிடைக்கும் இடம் 1280×720 அளவுதான். அவருடைய டாஷ்போர்டில் வலது ஓரத்தில் இருந்த மூன்று நெடுவரிசைகள் காணாமல் போனது அதனால்தான். சின்ன லேப்டாப் திரையில் 150% கண்ணுக்கு இதம், அதைக் குறை சொல்ல முடியாது. சுவரளவு படத்துக்கு அது தேவையில்லை, அவ்வளவுதான்.

அதனால் Win+P-இல் Extend-ஐத் தேர்ந்தெடுங்கள். பிறகு Win+R அழுத்தி இதைக் கொடுங்கள்:

```
ms-settings:display
```

மேலே 1, 2 என்று இரண்டு பெட்டிகள் வரும். Identify-ஐ அழுத்தினால் எந்தத் திரை எந்த எண் என்று திரையிலேயே பெரிதாகக் காட்டும். புரொஜெக்டரின் பெட்டியைக் கிளிக் செய்துவிட்டுக் கீழே Scale-இல் 100% வையுங்கள். பெட்டியைக் கிளிக் செய்யாமல் மாற்றினால் லேப்டாப்தான் மாறும், சுவரில் ஒன்றும் நடக்காது. அவசரத்தில் எல்லாரும் தவறும் இடம் இது, நானும்தான். பக்கத்திலேயே Display resolution-இல் '(Recommended)' என்று போட்டிருப்பதே இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். எழுத்து மங்கியோ இழுபட்டோ தெரிந்தால் காரணம் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

நீளமான ரூம் என்றால் 100% கடைசி வரிசைக்குச் சின்னதாகத் தெரியும். நான் 125% வைத்துவிடுவேன், 1536×864 அளவுக்கு இடம் கிடைக்கும். அவருடைய டேபிளும் அதற்குள் அடங்கியது.

இனி திறந்திருக்கும் விண்டோவை Win+Shift+வலது அம்பு அழுத்திப் புரொஜெக்டருக்குத் தள்ளுங்கள். சில பழைய புரோகிராம்கள் திறக்கும்போது இருந்த ஸ்கேலையே பிடித்துக்கொண்டிருக்கும், எழுத்து பிசிறடிக்கும். சேவ் செய்து, மூடி, மறுபடி திறந்தால் தெளிவாகிவிடும். ஆகவே ஸ்கேலை மாற்றிவிட்டு டெமோவைத் திறங்கள், திறந்த பிறகு மாற்றாதீர்கள். வெறும் ஸ்லைடு காட்டப் போகிறீர்கள் என்றால் இவ்வளவு பாடு வேண்டாம். ஸ்லைடு ஷோ எந்த ஸ்கேலாக இருந்தாலும் திரையை நிரப்பிக்கொள்ளும்.

ஒரே ஒரு இடத்தில் கை வைக்க வேண்டாம். Scale பெட்டி மங்கலாகி, custom scaling போட்டிருப்பதாக ஒரு வரி தெரிந்தால், எப்போதோ யாரோ கையால் எண் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதை நீக்கினால் விண்டோஸ் சைன் அவுட் ஆகிவிடும். திறந்தவை எல்லாம் மூடும், டெமோவில் மறுபடி லாகின் செய்ய வேண்டியிருக்கும். பத்து நிமிடம் கையில் இல்லாவிட்டால் அப்படியே விட்டுவிட்டு, பிரவுசரில் Ctrl+- அழுத்தி டேபிள் அடங்கும் வரை சுருக்குங்கள். மெனுவும் டாஸ்க்பாரும் பெரிசாகவே இருக்கும், இருக்கட்டும். மீட்டிங் முடிந்த பிறகு சைன் அவுட் செய்துகொள்ளலாம்.

அப்புறம், Extend-இல் மாற்றிய ஸ்கேல் அந்தப் புரொஜெக்டருக்கு மட்டும்தான். கேபிளைக் கழற்றினால் லேப்டாப் பழைய 150%-இலேயே இருக்கும், அதைத் திரும்ப மாற்றத் தேவையில்லை.