கிரகப்பிரவேசத்துக்கு என்ன கட்டலாம்? வாசகர் கேள்வி-பதில்

வைகாசி முகூர்த்தங்கள் வருகிறதல்லவா, இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் புதுவீட்டுக் கடிதங்கள்தான். கல்யாண வீட்டில் புடவை கட்டிவிடுவது போலத்தான் இதுவும் என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். கல்யாணத்தில் பெண் மேடையில் இருப்பாள், சுற்றிப் பத்துப் பேர் மடிப்பைச் சரி செய்வார்கள். இங்கே வீட்டுக்காரியே விடிகாலை நாலு மணிக்கு எழுந்து, பசுவை உள்ளே அழைத்து, இரண்டு மணி நேரம் ஹோமத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, பாலைக் காய்ச்சி, எட்டு மணிக்கு வாசலில் நின்று நூறு பேரை ‘வாங்க வாங்க’ என்று சொல்ல வேண்டும்.

*எங்கள் வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு எந்தக் கலர் புடவை கட்டலாம்?*

மாதம் எழுதவில்லை, நேரம் எழுதவில்லை, ஹோமம் உண்டா, வெறும் பால் காய்ச்சுவதா என்றும் எழுதவில்லை. நான் என்ன ஜோசியமா பார்க்கிறேன்? கறுப்பு வேண்டாம், பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். வெள்ளை, சந்தன நிறம் வேண்டாம், குங்குமமும் நெய்யும் முதலில் அதைத்தான் தேடி வரும். அரக்கு, மாம்பழ மஞ்சள், இலைப் பச்சை, இதில் ஏதாவது ஒன்று.

*உட்கார்ந்து எழுந்தாலே கொசுவம் வெளியே வந்துவிடுகிறது. இரண்டு மணி நேரம் எப்படி உட்காருவது?*

தப்பு கொசுவத்தில் இல்லை, பாவாடையில் இருக்கிறது. இப்போது எல்லாரும் உடம்போடு ஒட்டிய ‘சாரி ஷேப்பர்’ வாங்கி வைத்திருக்கிறார்கள். நிற்கும்போது அழகுதான். சம்மணம் போட்டால் முட்டி விரியாது. விரிய வைத்தால் புடவையை மேலே இழுக்கும், இழுத்தால் கொசுவம் உருவிக்கொண்டு வரும். அன்றைக்கு மட்டும் பழைய ஆறு பீஸ் காட்டன் பாவாடையைக் கட்டுங்கள். நாடாவை முடிந்ததும் ஒரு தடவை தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாருங்கள். நின்றபோது சரியாக இருந்த நாடா உட்கார்ந்ததும் வயிற்றை அறுக்கும். இரண்டு விரல் தளர்த்தி மறுபடி முடியுங்கள்.

அடுத்தது நான் கட்டிவிடுகிற எல்லாரிடமும் சொல்வது. முதல் சுற்று சுற்றும்போது காலை ஒட்டி வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். ஒரு சாண் அகட்டி நில்லுங்கள். அந்த ஒரு சாண் துணிதான் பிறகு உட்காரும்போது முட்டிக்கு இடம் கொடுக்கும். கொசுவம் ஆறு போதும், ஐந்து விரல் அகலம் இருக்கட்டும். செருகினதும் கொசுவத்தைப் பாவாடையோடு சேர்த்து ஒரே ஒரு பின். ஐந்தாறு பின் குத்தினால் எழும்போது எங்கேயோ ஒரு இடம் இழுத்துக் கிழியும், அது கண்டிப்பாக ஜரிகையில்தான் இருக்கும். தோளில் ஒரு பின், அதற்கு உள்பக்கம் ஒரு சின்னத் துணித் துண்டு வைத்துக் குத்துங்கள்.

முந்தானையை ஒற்றையாகத் தொங்கவிடுவது அழகு என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். ஹோமத்தில் நெய் விடக் குனியும்போது அது உங்களுக்கு முன்னால் போய் நிற்கும். மடித்துப் பின் குத்தி, நுனியை வலப்பக்கம் கொண்டுவந்து இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். போட்டோக்காரர் எடுத்துவிடச் சொல்வார், பூர்ணாகுதி முடியட்டும் என்று சொல்லுங்கள்.

இன்னொன்று. வெறுங்காலில் கட்டிப் பாருங்கள். ஹை ஹீல்ஸ் போட்டுக்கொண்டு ஒத்திகை பார்த்துவிட்டு, அன்றைக்குச் செருப்பில்லாமல் அதே உயரத்தில் கட்டினால் இரண்டு அங்குலம் தரையில் புரளும். கையில் நிறைகுடம், கீழே ஈரமான புது டைல்ஸ்.

*அம்மா வீட்டிலிருந்து வரும் புடவையை அன்றைக்கே கட்ட வேண்டுமாம். அதற்கு ஃபால்ஸ், பிளவுஸ் எல்லாம் எப்போது தைப்பது?*

சீர் தட்டில் முதல் முறையாகப் பார்க்க வேண்டும் என்று எந்த சாஸ்திரமும் சொல்லவில்லை. பத்து நாள் முன்பே எடுக்கச் சொல்லி வாங்கி, ஃபால்ஸ் வைத்து, குஞ்சம் கட்டி, பிளவுஸும் தைத்து, ஒரு தடவை கட்டியும் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புங்கள். அண்ணன் அதைத் தட்டில் வைத்துக் கொடுப்பார். ஒரு தடவை கட்டின புடவையா என்று முனகுகிறவர்களுக்கு, மடிப்புக் கலைக்கத்தான் என்று சொல்லுங்கள். பிரிக்காத புதுப்பட்டு அட்டை மாதிரி நிற்கும், உட்கார்ந்தால் மடிப்பு மேலே கூடாரம் கட்டும். இரண்டு நாள் பிரித்துக் கொடியில் போட்டால் படிந்துவிடும், வெயில் படாத இடமாக இருக்கட்டும். நுனியில் மஞ்சள் வைக்கும்போது உலர்ந்த பொடியாகத் தொட்டு வையுங்கள். குழைத்து வைத்தால் மடிப்புக்குள் நாலு இடத்தில் ஒட்டும்.

*ஆன்லைனில் ‘சாஃப்ட் சில்க்’ என்று 1,800 ரூபாய்க்கு அருமையான புடவை கிடைத்தது. எல்லாரும் பட்டு என்றே நினைக்கிறார்கள். ஹோமத்துக்கு இதையே கட்டலாமா?*

கட்டக் கூடாது. இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிறுமுகைப் பக்கம் நிஜமான சாஃப்ட் சில்க் நெய்கிறார்கள். மெல்லிய பட்டு நூல், காஞ்சிபுரத்தைவிட எடை குறைவு, உட்கார எழ சுகம். அந்தப் பெயரைத்தான் இப்போது பளபளக்கிற எல்லாத் துணிக்கும் வைக்கிறார்கள். ஆர்ட் சில்க், செமி சில்க், ‘பட்டு மாதிரி’, எல்லாம் ஒன்றுதான். 1,800 ரூபாய்க்கு ஐந்தரை மீட்டர் சுத்தப் பட்டு வராது அம்மா, நூல் விலைக்கே கட்டாது. உங்களுக்கு வந்திருப்பது அநேகமாக பாலியஸ்டர். வரவேற்புக்குக் கட்டுங்கள், கோயிலுக்குக் கட்டுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அக்னி பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

பட்டில் தீப்பொறி விழுந்தால் அந்த இடம் கருகி நிற்கும். சட்டென்று பற்றாது, பொறியை எடுத்துவிட்டால் பெரும்பாலும் தானே அணைந்துவிடும். பருத்தி பற்றும், ஆனால் உருகாது. பாலியஸ்டர் உருகும். உருகினது சொட்டாகித் தோலில் ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் தோலும் சேர்ந்து வரும். புடவை பட்டாக இருந்து ஜரிகை பிளாஸ்டிக்காக இருந்தாலும் பார்டரில் அதே கதைதான்.

நாலைந்து வருஷம் முன்னால் நான் கட்டிவிட்ட வீடு. அந்தப் பெண் பட்டு என்று சொன்னாள், விடிகாலை ட்யூப்லைட்டில் நானும் தொட்டுப் பார்க்காமல் கட்டிவிட்டேன். நவக்கிரக ஹோமத்துக்குச் சமித்து போடும்போது ஒரு பொறி தெறித்து மடியில் விழுந்தது. யாரும் கவனிக்கவில்லை. ‘சுருக்’ என்றதும் அவள் துள்ளி எழுந்தாள். புடவையில் மிளகளவு ஓட்டை, ஓரம் கெட்டியாக மணி கோத்த மாதிரி இருந்தது. உள்ளே காட்டன் பாவாடை இருந்ததால் தொடையில் ஒரு சின்னக் கொப்புளத்தோடு போயிற்று. விற்ற கடை ஒரு பெரிய கடை, பில்லில் ‘சில்க்’ என்றுதான் அடித்திருந்தார்கள். அந்த ஓட்டையைப் பார்த்த பிறகு புடவையைத் தொட்டுப் பார்க்காமல் நான் யாருக்கும் கட்டிவிடுவதில்லை.

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். பிளவுஸ் துண்டின் ஓரத்திலிருந்து நீளவாக்கில் ஒரு இழை, குறுக்குவாக்கில் ஒரு இழை உருவுங்கள். இரண்டும் வேண்டும், ஏனென்றால் பாவு மட்டும் பட்டாகவும் ஊடை பாலியஸ்டராகவும் நெய்வது உண்டு. தட்டுக்கு மேலே இடுக்கியால் பிடித்துக் கொளுத்துங்கள். முடி பொசுங்கும் நாற்றம் வந்து, கரியை விரலால் நசுக்கினால் பொடியானால் பட்டு. பிளாஸ்டிக் நாற்றம் வந்து, நுனி சுருண்டு நசுங்காத உருண்டையானால் பாலியஸ்டர். காகிதம் எரியும் வாசனை வந்தால் விஸ்கோஸ் அல்லது பருத்தி. ஜரிகையிலும் ஒரு இழை எடுத்துப் பாருங்கள். அடுத்த தடவை வாங்கும்போது மத்தியப் பட்டு வாரியத்தின் ‘சில்க் மார்க்’ அட்டை புடவையில் தொங்குகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

நல்ல பட்டு கையில் இல்லையா? சுத்தப் பருத்தியில் ஒரு செட்டிநாட்டுச் சேலை கட்டிக்கொண்டு உட்காருங்கள். நெருப்பு எரியும்போது ஃபேனை நிறுத்திவிடுவார்கள், வைகாசி மாதம் வேறு. பட்டு கட்டினவர்கள் உங்களைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள்.

*கணவர் ஐ.டி.யில் இருக்கிறார், வேட்டியே கட்டியதில்லை. வெல்க்ரோ வேட்டி போதுமா?*

நிற்பதற்குப் போதும். சம்மணம் போட்டு எழும்போது வெல்க்ரோ ‘பர்ர்’ என்று சொல்லும், ஊரே திரும்பும். எட்டு முழ பருத்தி வேட்டி எடுத்து, ஒரு தடவை அலசிக் கஞ்சியைக் குறைத்து, இடுப்பில் பெல்ட் போட்டுக் கட்டச் சொல்லுங்கள். நாலு முழம் வேண்டாம், ஒற்றைத் துணி, உட்கார்ந்தால் விலகும். பட்டு வேட்டி வழுக்கும், பழக்கம் இல்லாதவருக்கு அதுவும் வேண்டாம். உள்ளே காட்டன் ஷார்ட்ஸ், போன் வைக்க இடமும் ஆச்சு. வாத்தியார் பஞ்சகச்சம் கேட்டால் ஒன்பது ஐந்து செட் வாங்குங்கள். ஆள் பருமன் என்றால் பத்து ஆறு. உத்தரீயத்தைத் தோளில் தொங்கவிடாமல் இடுப்பில் கட்டிக்கொள்ளட்டும், தீப்பக்கம் போகாது. முதல் நாள் ராத்திரி அரை மணி கட்டிக்கொண்டு டி.வி. பார்க்கட்டும். எங்கே நழுவும் என்று அவருக்கே தெரிந்துவிடும்.

*என் ஐந்து வயதுப் பெண்ணுக்கு நெட் வைத்த லெஹங்கா எடுத்திருக்கிறேன்.*

நெட் பெரும்பாலும் நைலானோ பாலியஸ்டரோதான், மேலே சொன்னது எல்லாம் இதற்கும் பொருந்தும், இரட்டிப்பாக. குழந்தை ஹோமத்தைச் சுற்றி ஓடும். பருத்தியோ பட்டோ, பாவாடை சட்டை போடுங்கள், கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும்.

*ஹோமம் முடிந்ததும் வேறு புடவை மாற்றலாமா? விருந்தாளிகள் தப்பாக நினைப்பார்களா?*

மாற்றுங்கள். புகை வாசனையோடு பத்தரை வரைக்கும் நிற்க வேண்டுமென்று யார் சொன்னது? பால் காய்ச்சி, பெரியவர்கள் காலில் விழுந்து முடித்த பிறகு, ஏழரை மணி சுமாருக்கு மாற்றினால் சரியாக இருக்கும். மாற்றுகிற அறைக்குக் கதவும் தாழ்ப்பாளும் போட்டாயிற்றா என்று முதல் நாளே பாருங்கள். புதுவீடு, தச்சர் வேலை பாக்கி இருக்கும். இரண்டாவது புடவைக்கு எடை குறைந்தது எடுங்கள், உங்கள் பளபளப்பெல்லாம் இங்கே வைத்துக்கொள்ளலாம். கட்டுவதற்கு முன் வெறுங்காலில் நில்லுங்கள், வாசலிலும் செருப்பு இல்லாமல்தான் நிற்கப் போகிறீர்கள்.

*பட்டில் மஞ்சள், நெய் இரண்டும் கொட்டிவிட்டது. சோப்புப் போட்டுத் தேய்த்தேன், சிவப்பாகிவிட்டது.*

ஆகாமல் என்ன செய்யும்? மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் குங்குமச் சிவப்பு வருவது தெரியுமல்லவா, சோப்பின் காரமும் அதைத்தான் செய்யும். இனித் தொடாதீர்கள். மஞ்சள், சோப்பு என்று இரண்டையும் சொல்லி டிரை கிளீனிங் கொடுங்கள், போகும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். நெய் மட்டும் என்றால் தேய்க்காமல் முகப் பவுடரைத் தூவி ஒரு ராத்திரி விட்டு உதறினால் பாதிக்கு மேல் பவுடரே உறிஞ்சிக்கொள்ளும்.

*மாமியாருக்கு எழுபது வயது, முட்டி வலி. அவரும் மணையில் உட்கார வேண்டுமா?*

நாற்காலி போடுங்கள்.