விளக்கடியில் பல்லி ஏன் கத்துகிறது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: வாசல் ட்யூப்லைட் போட்ட கொஞ்ச நேரத்திலேயே பல்லி 'ட்சக் ட்சக்' என்று ஆரம்பித்துவிடுகிறது. வெளிச்சத்தைப் பார்த்துதான் கத்துகிறதா, சார்? (திருப்பாதிரிப்புலியூர்)

வெளிச்சத்துக்காக இல்லை. விளக்கைத் தேடிப் பூச்சி வருகிறது, பூச்சியைத் தேடிப் பல்லி வருகிறது. சுவர் முழுக்கப் பரவியிருக்க வேண்டிய பல்லிகள் விளக்கைச் சுற்றி நாலைந்து அடிக்குள் கூடிவிடுவதால், 'இந்த இடம் என்னுடையது' என்று சொல்லிக்கொள்ள வேண்டிய அவசியம் அங்கேதான் அதிகம். வரிசையாக நாலைந்து, சில நேரம் ஏழெட்டு 'ட்சக்' விழுகிறதே, அது பெரும்பாலும் ஆண் பல்லி போடும் எல்லைக் குரல். பூச்சியை விழுங்கியதும் போடும், எச்சம் போட்டதும் போடும், இன்னொரு பல்லியைத் துரத்திவிட்டு வந்தும் போடும்.

கேள்வி: கத்துவது ஆணா பெண்ணா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (லாஸ்பேட்டை)

ஜன்னல் கண்ணாடியில் பல்லி ஒட்டியிருக்கும்போது வீட்டுக்குள்ளிருந்து அதன் வயிற்றுப் பக்கத்தைப் பாருங்கள். ஆணுக்குப் பின்னந்தொடைகளின் அடியில் சின்னச் சின்ன மஞ்சள் புள்ளிகள் ஒரே வரிசையாக ஓடி, வால் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் சேரும், வாலின் அடியும் கொஞ்சம் புடைத்திருக்கும். அந்தப் புள்ளிகள் மெழுகு போன்ற ஒன்று கசியும் துளைகள். நம் வீடுகளில் அதிகம் கத்துகிற ஹெமிடாக்டைலஸ் ஃப்ரெனாட்டஸ் இனத்தில் பெண்ணுக்கு இந்த வரிசை இருக்காது. முட்டை சுமக்கும் பெண் என்றால் வயிற்றுத் தோலுக்குள் இரண்டு வெள்ளை உருண்டைகளே தெரியும்.

கேள்வி: எங்கள் வராண்டா விளக்கில் மூன்று பல்லிகள். நேற்று 'க்ர்ர்ர்' என்று வேறு மாதிரி ஒரு சத்தம் வந்தது, அடுத்த நிமிஷம் ஒன்று தலைதெறிக்க ஓடியது. என்ன நடந்தது? (மஞ்சக்குப்பம்)

நல்ல இடத்தில் கவனித்திருக்கிறீர்கள். விளக்குப் பட்டியை ஒட்டி இருக்கும் பெரியது அநேகமாக அந்த விளக்கின் ஆண். ஓரத்தில் இருந்த இன்னொரு ஆண் ஏதோ ஒரு பூச்சியின் பின்னால் போய் நெருங்கியிருக்கும். அப்போது பெரியது முதுகை வளைத்து, உடம்பைச் சுவரிலிருந்து தூக்கி, வாலை மெதுவாக அசைக்கும், அதோடு வருவதுதான் அந்த 'க்ர்ர்ர்'. இரண்டு ஆண்கள் முட்டிக்கொள்ளும் நேரத்துக்கான குரல் அது, தனியாக இருக்கும் பல்லியிடமிருந்து வராது. வந்தவன் விலகாவிட்டால் கடிதான், சில நேரம் வால் போய்விடும். அடுத்த முறை ஓடியதைப் பார்த்துக்கொண்டிருக்காமல் நின்றதைப் பாருங்கள். பெரும்பாலும் அது திரும்ப விளக்கடிக்கு வந்து, பழைய 'ட்சக் ட்சக்' வரிசையைப் போடும், ஒவ்வொரு சத்தத்துக்கும் தொண்டை துடிப்பது நன்றாகவே தெரியும். மூன்றாவது பல்லியை அது துரத்தவே இல்லை என்றால் அது பெண்ணாக இருக்கலாம்.

கேள்வி: துடைப்பம் பட்டால் ஒரே ஒரு 'கீச்', அதோடு சரி. அது என்ன? (அரியாங்குப்பம்)

அகப்பட்டுக்கொண்ட பயத்தில் வருவது. பிடித்தால் ஆணும் போடும், பெண்ணும் போடும்.

கேள்வி: நாக்கால்தானே சத்தம் போடுகிறது? (பாகூர்)

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், ஏனென்றால் நாம் நாக்கால் 'த்சொ' கொட்டினால் அதே சத்தம் வருகிறது. பல்லிக்குத் தொண்டையில் குரல் நாண்கள் இருக்கின்றன, நுரையீரல் காற்று அவற்றின் வழியாக வெட்டி வெட்டி வெளியேறும்போதுதான் சத்தம். ஓணானும் அரணையும் இப்படிக் கூப்பிடுவதில்லை. கேட்பதற்கும் வசதி உண்டு, கண்ணுக்குப் பின்னால் சின்னக் குழி மாதிரி தெரிவது காது.

கேள்வி: மார்கழியில் குரல் குறைந்துவிடுகிறதே? (முத்தியால்பேட்டை)

அதன் உடம்புச் சூடு சுற்றியிருக்கும் காற்றையும் சுவரையும் பொறுத்தது. குளிர்ந்த இரவில் கத்துவதும் குறையும், கத்தினாலும் 'ட்சக்'குகளுக்கு நடுவே இடைவெளி கூடும். சித்திரையில் அதே சுவரில் கேட்டுப் பாருங்கள், அடுத்தடுத்து வேகமாக விழும்.

கேள்வி: தெற்குச் சுவரில் கத்தினால் ஆகாது என்கிறார் மாமியார். (கடலூர் ஓ.டி.)

உங்கள் வீட்டில் விளக்கு எந்தச் சுவரில் இருக்கிறது என்று பாருங்கள். இரவில் குரல் அதிகம் வருவது அந்தத் திசையிலிருந்துதான், ஐப்பசி மழையில் ஈசல் பறக்கும் நாளில் இன்னும் அதிகமாகவே வரும்.

கேள்வி: படுக்கையறைப் பக்கம் இந்தச் சத்தம் குறைய வழி உண்டா? (வில்லியனூர்)

ஜன்னலுக்கு வெளியே எரியும் வெள்ளை விளக்கை எடுத்துவிட்டு மஞ்சள் எல்இடி போடுங்கள். நீலமும் புற ஊதாவும் அதிகமுள்ள வெளிச்சத்துக்குத்தான் பூச்சிகள் அதிகம் வரும். முடிந்தால் விளக்கையே வாசல் பக்கம் தள்ளி மாட்டுங்கள், கூட்டம் அங்கே போய்விடும். காலண்டர், போட்டோ சட்டம், ட்யூப்லைட் பட்டி இவற்றின் பின்னால்தான் பகலில் ஒளிந்திருக்கும் என்பதால் அவற்றைச் சுவரோடு இடைவெளி இல்லாமல் மாட்டுவதும் உதவும். குரல் முழுசாக நிற்காது, இருட்டிலும் ஆண் பல்லி தன் இடத்துக்காகக் கத்தத்தான் செய்யும்.