படத்தின் கீழே பழைய வரி

அன்புள்ள ஐயா,

சித்திரை வெயிலில் வறண்டு கிடந்த வைகையைப் படமெடுத்தேன். ஓரத்தில் ஒரு பெண், வெறுங்காலுடன் குந்தி, மணலில் தோண்டிய ஊற்றிலிருந்து சிரட்டையால் குடத்தில் நீர் அள்ளுகிறார். கீழே 'நீரின்றி அமையாது உலகு' என்று எழுதினேன். பொருள் பொருந்துகிறது, ஆனாலும் ஒட்டவைத்தது போலிருக்கிறது. ஏன்?

அன்புள்ள நண்பருக்கு,

அந்தத் தொடரைத் தண்ணீர்த் தொட்டியிலும் பள்ளிச் சுவரிலும் படித்துப் படித்து நம் கண் அதைத் தாண்டிப் போகப் பழகிவிட்டது. மேலும், குறளில் இருப்பது 'நீரின்று அமையாது உலகெனின்'. அந்த 'எனின்' வழியாகத்தான் வள்ளுவர் மழைக்குச் செல்கிறார். அதை வெட்டியதும் ஒரு பொது அறிவிப்பு மட்டுமே மிஞ்சுகிறது. உங்கள் படத்துக்குப் பதிலாக வற்றிய குளத்தையோ வெடித்த வயலையோ வைத்தாலும் அது அப்படியே பொருந்தும் என்பதே அதன் குறை.

உங்கள் படத்துக்கென்றே சொல்லப்பட்டது போன்ற ஒரு வரி ஔவையாரின் நல்வழியில் இருக்கிறது: 'ஆற்றுப் பெருக்கற்று அடிசுடும் அந்நாளும் அவ்வாறு ஊற்றுப் பெருக்கால் உலகூட்டும்'. வெள்ளம் வற்றி மணல் காலைச் சுடும் நாளிலும் அந்த ஆறு ஊற்று நீரால் உலகை ஊட்டும் என்பது பொருள். வெண்பா இதை உவமையாக்கி, வறுமையிலும் இல்லையென்னாத நற்குடிப் பிறந்தாரிடம் போகிறது. அந்தப் பகுதி உங்களுக்கு வேண்டாம். ஊற்றைச் சொல்லும் பகுதியும் வேண்டாம், ஏனெனில் அதைப் படமே காட்டிவிட்டது. நான் இவ்வளவோடு நிறுத்துவேன்:

ஆற்றுப் பெருக்கற்று
அடிசுடும் அந்நாளும்

'அடிசுடும்' என்ற சொல்லைப் படித்ததும் பார்ப்பவரின் கண் அந்தப் பெண்ணின் வெறுங்காலைத் தேடிப் போகும். 'அந்நாளும்' என்பதிலுள்ள உம்மை வாக்கியத்தை முடியவிடாமல் நிறுத்துவதால், மீதியைத் தேடி அவர் மறுபடி படத்துக்கே ஏறி, சிரட்டையில் அதைக் கண்டுகொள்வார். பாட்டை முன்பே அறிந்தவருக்கு மட்டுமல்ல, அறியாதவருக்கும் இது நேரும். ஆனால் படத்தை வெட்டும்போது காலோ ஊற்றோ சட்டத்துக்கு வெளியே போய்விட்டால் இந்த வரியையும் விட்டுவிடுங்கள். வெறும் மணலுக்கு இது வெறும் புலம்பலாகிவிடும்.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். செம்மண் பாதை ஒன்றின் படத்துக்குக் குறுந்தொகையின் 'செம்புலப் பெயனீர் போல' என்ற தொடரை எழுதியிருந்தேன். "மண் இருக்கிறது, மழை எங்கே?" என்று ஒரு வாசகர் கேட்டார். அந்த உவமையின் உயிர் நிறத்தில் இல்லை, நீர் மண்ணோடு கலப்பதில் இருக்கிறது. என் படத்திலோ புழுதிதான் இருந்தது.

வரியைப் படத்தின் மேல் பொறிக்காமல் கீழே, இரண்டு வரியாக மடித்து எழுதுங்கள். அதற்கும் கீழே சிறிய எழுத்தில் 'நல்வழி. வைகை, சித்திரை' என்று மட்டும் இருக்கட்டும்.

அன்புடன்.