9,000 ரூபாய் கூடின விமானச் சீட்டுக்குக் காரணம் எழுதுவது எப்படி?

"திருகோணமலையிலிருந்து சென்னைப் பயிற்சிக்குப் போக 42,000 ரூபாய்ச் சீட்டை விட்டு, பகல் 2 மணி விமானத்தில் 51,000க்கு எடுத்தேன். மலிவானது காலை 7 மணி, பொதி சேராது. முகாமையாளருக்கு என்ன எழுதுவது?"

வசதியைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். மொத்தச் செலவை மட்டும் காட்டுங்கள்:

"காலை 7 மணி விமானத்துக்கு அதிகாலை 4 மணிக்கே கட்டுநாயக்கவில் நிற்கவேண்டும். முதல்நாள் நீர்கொழும்பில் தங்க 8,500, பொதிக்கு 6,000 சேர்த்தால் 56,500 ரூபாய். எடுத்த சீட்டில் பொதி அடக்கம், அன்று காலையே புறப்படலாம். நிறுவனத்துக்கு 5,500 ரூபாய் மிச்சம்."

அப்புறம், சீட்டு எடுத்த அன்றே விலைகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தால் இணையுங்கள். கட்டணம் நாளுக்கு நாள் மாறும். இன்று தேடி எடுத்த விலையைக் கணக்குப் பிரிவு ஏற்காமல் போகலாம். அறை விலைக்கும் ஒரு சான்று வையுங்கள், முதலில் கேள்வி வருவது அதில்தான்.